புகார்தாரர் அறிவுமதி

வேலைக்கு விண்ணப்பம் எழுதுவதைப் போல அலுப்பான காரியம் உலகத்தில் இன்னொன்று கிடையாது என்பது அறிவுமதியின் தீர்மானம். எல்லா விண்ணப்பங்களிலும் எல்லாரும் கடின உழைப்பாளிகள். எல்லாருக்கும் சவால் என்றால் கொள்ளைப் பிரியம். நிறுவனத்தின் வளர்ச்சிக்காகச் சோறு தண்ணியைக்கூட விட்டுவிடத் தயாராக இருக்கிறார்கள். அவளோடு சிவில் இன்ஜினியரிங் முடித்த வகுப்பு மொத்தமும் ஒரே கடிதத்தை வாட்ஸ்அப்பில் கைமாற்றிப் பெயரை மட்டும் மாற்றி அனுப்பிக்கொண்டிருந்தது. முதன்முதலில் அதை எழுதியவன் நவநீதன். அவசரத்தில் பெயரை மாற்ற மறந்து, நவநீதன் என்ற கையெழுத்தோடே அனுப்பிவைத்த பெண்களும் உண்டு.

அறிவுமதி ஸ்ரீரங்கத்துப் பெண். அப்பா பிச்சமுத்துவுக்கு அம்மா மண்டபம் ரோட்டில் வாழை இலைக் கடை. முசிறியிலிருந்து விடிகாலை வந்து இறங்கும் இலைக்கட்டுகளைப் பிரித்து, நுனி இலை, ஏடு, கிழிசல் என்று தரம் பார்த்து மெஸ்களுக்கும் கல்யாண மண்டபங்களுக்கும் அனுப்புகிறவர். அதிகம் பேசமாட்டார். வீட்டில் பேச்சுக்குப் பொறுப்பு அம்மா ராசாத்திதான். அவள் வீட்டிலேயே தையல் மிஷின் போட்டுத் தெருப்பெண்களுக்கு ப்ளவுஸ் தைக்கிறாள். அளவு கொடுக்க வருகிறவர்கள் அளவோடு போவதில்லை, ஊர்க்கதை முழுவதையும் கொட்டிவிட்டுத்தான் போவார்கள்.

அறிவுமதி படித்தது துவாக்குடிப் பக்கம். ‘துவாக்குடியா!’ என்று கண்ணை விரிப்பவர்களிடம், ‘நீங்க நெனைக்கிற பெரிய காலேஜ் இல்ல, அதுக்கு அடுத்த ஸ்டாப்’ என்று சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்திருந்தது. கடைசி வருஷப் ப்ராஜெக்டுக்கு மற்றவர்களெல்லாம் அடுக்குமாடிக் கட்டடம் எழுப்பியபோது, இவள் எடுத்துக்கொண்டது உரக்கூடத்தில் குப்பையிலிருந்து கசிகிற நீரை எப்படி வடியவிடுவது என்பதை. தோழிகள் மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள். இவளுக்கோ அது பிடித்துப் போய்விட்டது. சாப்பிட்ட மிச்சமும் வாடின பூவும் ஒன்றரை மாதத்தில் மண்வாசனையோடு கறுத்துப் பொலபொலவென்று கிடக்கிற அழகைப் பார்த்தவளுக்கு, அடுக்குமாடியெல்லாம் அட்டைப்பெட்டியாகத்தான் தெரிந்தது.

அதனால்தான், மேலூருக்கு அப்பால் கொள்ளிடக் கரையோரம் இருக்கும் உரக்கூடத்தில் பயிற்சிப் பொறியாளர் இடம் ஒன்று காலி என்று கேள்விப்பட்டதும் அவள் துள்ளிக் குதித்தாள். ஊர்க்குப்பையில் மக்குகிறதைப் பிரித்து உரமாக்கும் இடம் அது. ‘செழுமண்’ என்ற தனியார் நிறுவனம் ஒப்பந்தம் எடுத்து நடத்தியது.

ராசாத்தி துள்ளவில்லை.

“குப்பைமேட்டுல போய் நிக்கிறதுக்கா உன்னை இன்ஜினியருக்குப் படிக்க வச்சோம்?”

“குப்பைமேடு இல்லம்மா. உரக்கூடம்.”

“எந்தக் கூடமா வேணா இருக்கட்டும். பொண்ணு பார்க்க வர்றவங்க கேட்டா நான் என்னன்னு சொல்றது? ஆடி முடியிற வரைக்கும் பாரு. ஆவணி பொறந்ததும் நீ சென்னைக்குக் கெளம்புற. மாமா கம்பெனியில கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து கௌரவமா வேலை பாரு.”

மாமா என்பது ராசாத்தியின் தம்பி கலையரசன். யார் யாருடைய பெயரையோ விலாசத்தையோ கட்டம் கட்டமாகக் கணினியில் ஏற்றுகிற கம்பெனி ஒன்றில் அவருக்குச் செல்வாக்கு. சென்னை ஒன்றும் கெட்ட ஊர் இல்லை. ஆனால் அந்தக் கட்டங்களை நிரப்புவதற்கு நாலு வருஷம் மண்ணும் நீரும் படித்திருக்க வேண்டாமே என்பதுதான் அவள் வயிற்றெரிச்சல். போனால் திரும்பி வரமாட்டோம், அங்கேயே கட்டத்துக்குள் கட்டமாக ஆகிவிடுவோம் என்று அவளுக்கு நிஜமாகவே பயமாக இருந்தது. கையில் ஆடி மாதம் ஒன்றுதான் மிச்சம்.

ஆகவே நவநீதனின் கடிதத்தை ஒதுக்கிவைத்துவிட்டு அவளே எழுத உட்கார்ந்தாள். எழுதும் முன் இடத்தைப் பார்க்க வேண்டாமா? கரைமேல் போகிற பாதையில் சைக்கிளை நிறுத்திவிட்டு உரக்கூடத்தை எட்டிப் பார்த்தாள். கிழக்கு மேற்காக நீண்ட தகரக் கொட்டகை. சிமென்ட் தரை, வடக்குச் சுவரோரம் ஓடும் வடிகாலைப் பார்த்துச் சரிவாகப் போட்டிருந்தார்கள். கசிகிற நீர் அந்த வடிகாலில் விழுந்து தொட்டிக்குப் போக வேண்டும். ஆனால் மக்கவைத்த குவியல்களோ கொட்டகையின் நீளத்துக்கு, சரிவுக்குக் குறுக்கே, வயல் வரப்பு மாதிரி ஒன்றன்பின் ஒன்றாகக் கிடந்தன. ஒவ்வொரு வரப்புக்கும் பின்னால் கறுப்புத் தண்ணீர் தேங்கி நின்றது. குவியலின் அடி ஊறிப்போனால் உள்ளே காற்றுப் போகாது. காற்று போகாவிட்டால் மக்காது, அழுகும். ஆடிக்காற்று மேற்கிலிருந்து வீசும்போது அவர்கள் தெரு மாலையில் மூக்கைப் பொத்துவது இதனால்தான் என்று அவளுக்குப் பளிச்சென்று புரிந்தது.

வீட்டுக்கு வந்து எழுதினாள். வணக்கம், படிப்பு, ப்ராஜெக்ட் எல்லாம் சுருக்கமாக முடிந்ததும் பேனா சூடு பிடித்துக்கொண்டது.

‘தங்கள் உரக்கூடத்திலிருந்து மாலை நேரங்களில் எங்கள் தெருவுக்குத் துர்நாற்றம் வருகிறது. குவியல்கள் தரையின் சரிவுக்குக் குறுக்கே அமைக்கப்பட்டிருப்பதால் கசிவுநீர் வடியாமல் தேங்குகிறது. குவியல்களைச் சரிவின் போக்கிலேயே அமைத்தால் இரண்டு குவியல்களுக்கு நடுவே நீர் ஓடிவிடும். இதை உடனே சரிசெய்ய வேண்டும்.’

கடைசி வாக்கியத்தில் கொஞ்சம் அதிகாரம் ஏறிவிட்டது என்று அவளுக்கே தோன்றியது. இருக்கட்டும், தன்னம்பிக்கை என்று எடுத்துக்கொள்வார்கள் என்று விட்டுவிட்டாள். படிப்புச் சான்றுகளைப் பின்னால் கோத்து, மெயிலில் அனுப்பினால் யார் பார்ப்பார்கள் என்று நேரிலேயே கொண்டுபோய்க் கொடுத்தாள்.

அங்கேதான் தப்பு நடந்தது. செழுமண் அலுவலகத்தில் வேலை கேட்கிறவர்கள் மெயிலில்தான் கேட்பார்கள். காகிதத்தை மடித்து எடுத்துக்கொண்டு வாசலுக்கு வருகிறவர்கள் சண்டைக்காரர்கள் மட்டும்தான். அலுவலக உதவியாளர் தஹ்ஸீன் இந்த வழக்கத்தில் ஊறினவள். காதில் போனை இடுக்கிக்கொண்டே கடிதத்தில் கண்ணை ஓட்டினாள். ‘துர்நாற்றம்’ என்ற வார்த்தை கண்ணில் பட்டது. ‘உடனே சரிசெய்ய வேண்டும்’ என்பதும் பட்டது. அதற்கு மேல் படிக்க என்ன இருக்கிறது? முத்திரை குத்தி, எண் போட்ட சீட்டு ஒன்றைக் கிழித்து நீட்டினாள்.

“ஒரு வாரத்துல வீட்டுக்கே வருவாங்க. நீங்க அலைய வேண்டாம்.”

வேலை கேட்டவளின் வீட்டுக்கே வரும் கம்பெனியா! அறிவுமதிக்குத் தரையில் கால் பாவவில்லை.

சொன்னபடியே போன் வந்தது. “மேடம், உங்க லெட்டர் விஷயமா வரோம். சாயங்காலம் வீட்ல இருப்பீங்களா?” குரலில் அப்படி ஒரு குழைவு. ராசாத்திக்கு வேலை பிடிக்கவில்லைதான். அதற்காக வீட்டுக்கு வருகிறவர்களை வெறும் வாயோடு அனுப்ப முடியுமா? வாழைக்காய் பஜ்ஜியும் கேசரியும் தயாராயின. பிச்சமுத்துகூடக் கடையைச் சீக்கிரம் அடைத்துவிட்டு வெள்ளைச் சட்டையில் வந்து உட்கார்ந்தார். அறிவுமதி காட்டன் புடவை கட்டிக்கொண்டாள்.

வந்தவர் உரக்கூட மேற்பார்வையாளர் டோமினிக். கூட தஹ்ஸீன். டோமினிக் நல்ல மனிதர். புகார் கொடுத்தவர்கள் கதவைத் திறந்ததும் திட்டித்தான் அவருக்குப் பழக்கம். பஜ்ஜித் தட்டோடு வரவேற்ற வீட்டைப் பார்த்ததும் அவருக்கு உதறல் எடுத்தது. இது சாதாரணப் புகாராகத் தெரியவில்லையே என்று தஹ்ஸீனைப் பார்த்தார். பிறகு மெதுவாக ஆரம்பித்தார்.

“இதுக்கு முன்னாடி வேற எங்கயாவது குடுத்திருக்கீங்களா மேடம்?”

“நாலஞ்சு எடத்துல குடுத்தேன் சார். யாரும் பதிலே போடல.”

டோமினிக் கையிலிருந்த பஜ்ஜி தட்டுக்கே திரும்பிப் போனது. “சென்னை ஹெட் ஆபீசுக்கு?”

“இங்க சரியா வரலைன்னா அனுப்பலாம்னு இருக்கேன் சார்.”

“அய்யோ, அதெல்லாம் வேண்டாம் மேடம். நாமளே பேசி முடிச்சுக்கலாம். உங்களுக்கு என்ன வேணும், அதைச் சொல்லுங்க.”

இப்படி ஒரு இன்டர்வியூவை அறிவுமதி கனவிலும் நினைத்ததில்லை. கூச்சத்தை விழுங்கிக்கொண்டு சொன்னாள்: “ஒரு வருஷமாவது உங்க ப்ளான்ட்டுல தினமும் கூடவே இருந்து எல்லாத்தையும் பார்க்கணும் சார்.”

டோமினிக்குக்குப் புரையேறிவிட்டது. தஹ்ஸீன் தண்ணீர்ச் சொம்பை நீட்டினாள். “தினமுமா?” என்றார் கண்ணில் நீரோடு.

“ஞாயித்துக்கிழமையும் வருவா சார்,” என்று பிச்சமுத்து, மகளுக்காக முதல்முறையாக வாயைத் திறந்தார்.

இதற்குமேல் தாங்காது என்று டோமினிக் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேஜைமேல் வைத்துப் பேனாவைத் திறந்து கொடுத்தார். வேலை உத்தரவு என்று நினைத்து அறிவுமதி சாமி படத்தைப் பார்த்துவிட்டுத்தான் தாளைப் பார்த்தாள். ‘என்னுடைய புகார் திருப்திகரமாகத் தீர்க்கப்பட்டது’ என்று இருந்தது. கீழே புகார்தாரர் கையொப்பம்.

“யாரு புகார் குடுத்தா?” என்றாள்.

“நீங்கதானே மேடம்.”

“நான் வேலைக்கு அப்ளை பண்ணேன் சார்!”

தஹ்ஸீன் கோப்பிலிருந்து கடிதத்தை எடுத்து, அன்றைக்குத்தான் முதல் வரியிலிருந்து படித்தாள். பின்னால் கோத்திருந்த சான்றுகளைப் புரட்டினாள். நாக்கைக் கடித்துக்கொண்டாள். “சாரிங்க. நடுவுல நாத்தம்னு இருந்துச்சு, அதோட நிறுத்திட்டேன்.” விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி முந்தின நாளே முடிந்து, வேறொரு பையனை எடுத்தாகிவிட்டது என்பதையும் அவள்தான் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

அறிவுமதிக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக முட்டின. கட்டியிருந்த புடவையைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது. டோமினிக் நிஜமாகவே வருத்தப்பட்டார். ஆனாலும் பேனாவை மூடவில்லை. “புகாரா பதிஞ்சுட்டா அதை மாத்த முடியாதும்மா. முடிக்கத்தான் முடியும். ஒரு கையெழுத்துப் போட்டுட்டீங்கன்னா எனக்கும் தலைவலி தீரும்.”

“அப்ப குவியல்லாம் திருப்பி வச்சுட்டீங்களா சார்?”

“இல்ல, அது வந்து…”

“அப்ப புகார் எப்படித் தீரும்? நான் போட மாட்டேன்.”

சாமர்த்தியத்தில் சொன்னதில்லை. வயிற்றெரிச்சலில் சொன்னது. ஆனால் செழுமண்ணின் ஒப்பந்தத்தில் ஒரு விதி இருந்தது. புகார்தாரர் கையெழுத்துப் போட மறுத்தால், மேலாளர் அவரையும் அழைத்துக்கொண்டு கூட்டாக ஆய்வு செய்ய வேண்டும். டோமினிக் பெருமூச்சு விட்டு அதைச் சொன்னார். சொல்லிவிட்டு, ஆறிப்போன பஜ்ஜியை எடுத்துச் சாப்பிட்டார்.

இப்படியாக, ஊழியராக நுழைய முடியாத வாசலில் அறிவுமதி புகார்தாரராக நுழைந்தாள். கழுத்தில் ‘பார்வையாளர் – புகார்தாரர்’ என்று அட்டை தொங்கியது.

மேலாளர் ரங்கநாதன் முழங்கால்வரை பூட்ஸ் போட்டுக்கொண்டு, கடனே என்று வந்து நின்றார். “சொல்லும்மா, என்ன பிரச்சினை?”

அறிவுமதி ஒரு வாளித் தண்ணீரைத் தரையில் ஊற்றினாள். தண்ணீர் வடக்கே ஓடி, முதல் குவியலில் முட்டி நின்று, மெதுவாக அதன் அடிக்குள் நுழைந்தது. ரங்கநாதன் பார்த்துக்கொண்டே இருந்தார். அவள் குவியலின் அடியிலிருந்து ஒரு கை அள்ளிப் பிழிந்தாள். ஒரு துளி இரண்டு துளி வந்தால் சரியான ஈரம். இதில் விரலிடுக்கில் ஒழுகியது. நீளக் கம்பி வெப்பமானியைக் குத்திப் பார்த்தால், நன்றாக மக்குகிற குவியலின் நடுவில் கை வைக்க முடியாத சூடு இருக்க வேண்டும். இதில் வெதுவெதுப்பு மட்டும்தான்.

“ஏன் இப்படிப் போட்டீங்க டோமினிக்?”

“லோடர் மேற்கு வாசல்ல நுழைஞ்சு நேரா கொட்டிக்கிட்டே போயிடும் சார். திருப்ப வேண்டாம். அமிர்தராஜுக்கு அதான் வசதி.”

லோடர் ஓட்டும் அமிர்தராஜ் இருக்கையிலிருந்தே, “இப்ப என் தலையிலயா?” என்று கேட்டார்.

அறிவுமதி சொன்னது எல்லாமே சரி என்றும் சொல்ல முடியாது. கிழக்குக் கோடியில் இருந்த குவியல்களையும் அவள் கடிதத்தில் சேர்த்துத் திட்டியிருந்தாள். அவை மக்கி முடிந்து ஆறவைத்தவை. உலர்ந்து, மழை பெய்த மண்ணாக மணத்தன. அதைச் சுட்டிக்காட்ட டோமினிக்குக் கிடைத்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. அதைப் பார்க்க அவசரமாக நடந்தவளின் ஒரு செருப்பு கசிவுநீரில் புதைந்து, கடைசிவரை கிடைக்கவும் இல்லை. ஆனால் தண்ணீர் போகாத இடத்தைத் தண்ணீரே காட்டிவிட்டது. ஊறிப்போன குவியல்களைப் பிரித்து, புதியவற்றோடு வடக்கு தெற்காக, சின்னதாக, நடுவில் வழி விட்டுப் போட்டுப் பார்ப்போம் என்றார் ரங்கநாதன். “நாத்தம் போகுதான்னு பார்த்துட்டுப் புகாரை முடிச்சுக்கலாம். வாரம் ஒருதரம் வந்து பார்த்துக்கம்மா.”

வாரம் ஒருதரம் என்றால் அவளுக்குத் தினமும் என்று அர்த்தம். காலையில் சைக்கிளை எடுத்தால் மத்தியானம்தான் திரும்புவாள். வெப்பமானியைக் குத்துவாள், ஈரம் பார்ப்பாள், மெஸ்களிலிருந்து வரும் எச்சில் இலையில் தென்னை நார்த்தூளும் காய்ந்த சருகும் எவ்வளவு கலந்தால் ஒழுகாது என்று டோமினிக்கோடு மல்லுக்கட்டுவாள். அமிர்தராஜ் முதல் வாரம் முழுக்க முணுமுணுத்தார். அவள் சுண்ணாம்புக்கோடு போட்டு லோடர் திரும்ப அகலம் போதும் என்று காட்டியதும், கோட்டைத் தொடாமல் திருப்புவதைத் தன் பெருமையாக எடுத்துக்கொண்டார். பிரிக்கும் மேடையில் நிற்கும் வள்ளிக்கண்ணு அவளுக்குப் பெயரே மாற்றிவிட்டாள். “புகாரு, டீ வந்துருச்சு, வா!” என்று கொட்டகை அதிரக் கூப்பிடுவாள். அரவை இயந்திரத்தின் தண்டில் பூமாலைகளின் நைலான் நூல் சுற்றிச் சுற்றி இறுகி நின்றுபோகும்போது, இரண்டு பேரும் பக்கத்தில் உட்கார்ந்து கத்தியால் அறுத்து எடுப்பார்கள். அறிவுமதி சந்தோஷமாக இருந்தாள். புகார்தாரர் என்ற அட்டையை ராத்திரி கழற்றிவைக்கும்போதுகூட அவளுக்கு மனசில்லை.

வீட்டில்தான் கதை வேறு. அவள் திரும்பி வந்தால் வாசலிலேயே ராசாத்தி, கைகால் கழுவ வாளித் தண்ணீரோடு நிற்பாள். ப்ளவுஸ் அளவு கொடுக்க வந்தவர்கள் கேட்டால், “கம்ப்யூட்டர் கிளாஸ் போறா” என்பாள். அப்பட்டமான பொய். பொய்யைச் சொல்லிவிட்டு மிஷினை வேகமாக மிதிப்பாள். மூலையில் சென்னைக்குப் போகும் பெட்டி பாதி அடுக்கிக் கிடந்தது.

நடுவில் ஒரு நாள் தஹ்ஸீன் ஒரு செய்தி சொன்னாள். பயிற்சிக்கு எடுத்த பையன் மூன்றாம் நாளே போய்விட்டானாம். துண்டால் மூக்கைக் கட்டிக்கொண்டு போனவன் துண்டைக்கூடத் திருப்பித் தரவில்லை. இடம் காலி. அறிவுமதி உடனே ரங்கநாதனிடம் போய்க் கேட்டாள்.

“பார்ப்போம்மா. ஹெட் ஆபீசுக்கு எழுதணும்,” என்றார் அவர். எழுதவில்லை. கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. வேலைதான் நடக்கிறதே, அந்தப் பெண்தான் தானாகவே வருகிறதே என்று இருந்துவிட்டார். இனாமாகக் கிடைப்பதற்கு யார் மெனக்கெட்டுக் கடிதம் எழுதுவார்கள்?

ஆடியின் கடைசி வாரத்தில் மேற்கிலிருந்து நன்றாகக் காற்று வீசிய ஒரு மாலை, அறிவுமதி மொட்டைமாடியில் நின்று மூச்சை இழுத்துப் பார்த்தாள். எதிர்வீட்டில் மீன் வறுக்கிற வாசனைதான் வந்தது. வேறொன்றும் இல்லை. மறுநாளும் இல்லை. ஜெயித்துவிட்டோம் என்ற குதூகலம் படியில் இறங்கி முடிப்பதற்குள் வடிந்துபோனது. நாற்றம் போனால் புகாரும் போயிற்று. புகார் போனால் அந்த வாசலில் அவளுக்கு என்ன வேலை?

டோமினிக் பழைய தாளை எடுத்து வந்தபோது அவர் முகமும் சரியாக இல்லை. “இன்னும் லேசா வருதுன்னு சொல்லும்மா. ரெண்டு வாரம் தள்ளலாம்,” என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார். புகாரை முடிக்கத் தவம் கிடந்த மனிதர்!

ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் வராத நாற்றத்தை வருகிறது என்று சொன்னால், மூன்று வாரமாகத் தானும் அமிர்தராஜும் வள்ளிக்கண்ணுவும் பாடுபட்டது வீண் என்று எழுதிக்கொடுப்பது போலாகும். அவளால் அது முடியவில்லை. “போயிருச்சு சார்,” என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். அட்டையைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். வள்ளிக்கண்ணு சொல்லிக்கொள்ளக்கூட வராமல் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். வீட்டுக்கு வந்து அம்மாவிடம், “முடிஞ்சுதும்மா. சென்னைக்கு டிக்கெட் எடுத்துக்கலாம்” என்றாள். அறைக்குள் போய்ப் பெட்டியின் மறுபாதியையும் அடுக்கினாள். மறுநாள் காலையில், நூல்கண்டு வாங்கிவருகிறேன் என்று வெளியே போன ராசாத்தி வெகுநேரம் கழித்துத்தான் வந்தாள்.

இரண்டு நாள் கழித்து டோமினிக்கிடமிருந்து போன். “சாயங்காலம் வீட்டுக்கு வரோம்மா. ரங்கநாதன் சாரும் வரார். புகார் விஷயமா.”

“நான்தான் கையெழுத்துப் போட்டுட்டேனே சார்?”

“உன் புகார் இல்லம்மா. உங்க அம்மாவோடது.”

ராசாத்தி தையல் மிஷின் முன்னால் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். எத்தனை கேட்டும், “வரட்டும்” என்பதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இந்தமுறை பஜ்ஜியும் போடவில்லை.

ரங்கநாதன் வந்து உட்கார்ந்தார். பையிலிருந்து, புகார் தீர்ந்தது என்று எழுதிக்கொடுக்கும் அந்தத் தாளை எடுத்தார். “ஹெட் ஆபீசுக்கு எழுதுறேம்மா. கண்டிப்பா நல்லது நடக்கும். நீங்க இதுல ஒரு கையெழுத்து…”

“நல்லது நடந்ததும் போடுறேங்க,” என்றாள் ராசாத்தி.

“புகார் நிலுவையில இருந்தா எங்களுக்குக் கஷ்டம்மா.”

“அப்ப கூட்டா ஆய்வு பண்ணுங்க. என் பொண்ணு அந்தப் பக்கம் நிக்கட்டும், உங்க காலி நாற்காலி இந்தப் பக்கம் இருக்கட்டும். பொருந்துதா இல்லையான்னு பார்த்துட்டுச் சொல்லுங்க.”

தஹ்ஸீன் சிரிப்பை அடக்கத் துப்பட்டாவை வாயில் வைத்துக்கொண்டாள். டோமினிக் சாமி படத்தை மிகுந்த பக்தியோடு பார்த்தார். ரங்கநாதனுக்கு முகம் சிவந்தது. பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. எழுந்து வாசலுக்குப் போய் போனில் யாருடனோ பேசினார். “ஆமா சார், சிவில்தான்… இல்ல சார், ஓட மாட்டா… மூணு வாரமா இங்கதான் சார் இருக்கா, எழுதாதது என் தப்பு…” என்று அவர் குரல் உள்ளே கேட்டது.

அந்த நேரத்தில்தான் அறிவுமதி, தஹ்ஸீன் மடியிலிருந்த கோப்பை எட்டி வாங்கி அம்மாவின் மனுவைப் பார்த்தாள். ப்ளவுஸ் அளவு குறிக்கிற தாளில், அம்மாவின் பெரிய பெரிய எழுத்தில் இருந்தது.

‘ஐயா, என் மகள் அறிவுமதி உரக்கூடத்து இன்ஜினியர். தினமும் வந்து உங்கள் நாற்றத்தைப் போக்கினாள். நீங்கள் டீ கொடுத்தீர்கள், வேலை கொடுக்கவில்லை. அதனால் அவளைச் சென்னைக்கு அனுப்பப் போகிறேன். அனுப்பிவிட்டு நான் யாருக்குத் தண்ணீர் வாளியோடு வாசலில் நிற்பேன்? இந்தக் குறையை உடனே தீர்க்கவும்.’

அறிவுமதி அதை இரண்டாம்முறை படிக்க முயன்றாள். எழுத்தெல்லாம் கலங்கிப்போய் ஒன்றும் தெரியவில்லை. ரங்கநாதன் உள்ளே வந்து, “திங்கக்கிழமை ஆர்டர் வந்துரும்மா” என்றார். அறிவுமதி, பேனாவை எடுக்காமல் கையைக் கட்டிக்கொண்டு நின்ற அம்மாவைப் போய்க் கட்டிக்கொண்டாள்.

“விடுடி, சார் பார்க்கிறாங்க,” என்றாள் ராசாத்தி. பிறகு மகளின் தோளுக்கு மேலாக, “திங்கக்கிழமை ஆர்டரோட வாங்க சார், கையெழுத்துப் போட்டு வைக்கிறேன். வரும்போது சாப்பிடாம வாங்க” என்றாள்.